பெரிய துரைக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் தம்பிக்கு 31 வயது, தேயிலை பெக்டரியில் உதவி டீமேக்கர். கொழுந்து கூடிய மாதங்களில் இரவு பகலாக நின்று வேலை செய்தவன், ஒரு கட்டத்தில் தூக்கமே தேவையில்லை என்று சொல்லத் தொடங்கினான். ஒரு விடியற்காலை ரோலர்களை நிறுத்திவிட்டு, புது வகைத் தூள் கண்டுபிடித்துவிட்டேன் என்று துரைக்கு போன் பண்ணியிருக்கிறான். அன்றைய கொழுந்தில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் 24 நாள் இருந்தான். பைபோலார் என்றார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் போல சோர்ந்து படுத்திருந்தான். இப்போது தெளிவாக இருக்கிறான். லித்தியமும் இரவில் இன்னொரு மாத்திரையும் எடுக்கிறான். அடுத்த மாதம் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய மாதிரியே போனால் திரும்பவும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. துரைக்கு நான் ஒரு கடிதம் எழுதலாமா? என்ன எழுதுவது, எதை விடுவது?

பதில்: டீச்சர், கடிதத்தை நீங்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். கையெழுத்து மட்டும் தம்பியுடையதாக இருக்க வேண்டும். அக்கா எழுதிய கடிதம் துரையின் மேசைக்குப் போனால், இவன் இன்னும் தானே பேசும் நிலையில் இல்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அதைவிட முக்கியமான காரணம், இது அவருடைய உடம்பு, அவருடைய வேலை. எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். நீங்கள் ஒரு வரி எழுதி அவர் வேண்டாம் என்றால், அந்த வரி போகக்கூடாது.

நோயின் பெயரைக் கடிதத்தில் எழுதாதீர்கள் என்பது என் கருத்து. நடந்தது பெக்டரிக்குள் என்பதால் துரைக்கு விஷயம் தெரியும், மறைத்து ஆகப்போவதில்லை. ஆனால் கடிதம் அவருடைய பைலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். துரைமார் மாறுவார்கள், பைல் அங்கேயே இருக்கும். நான் மனநலப் பிரிவில் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருந்த நாட்களில், ஒரு பெண் பிள்ளை தன் டயக்னோசிஸ் கார்டையே போட்டோகொப்பி எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் அந்த அலுவலகத்தில் அதைப் படிக்காதவர் இல்லை. கேட்ட சலுகை கிடைத்தது, ஆனால் அந்தப் பிள்ளை அங்கே நான்கு மாதம்கூட நிற்கவில்லை. டயக்னோசிஸ் கார்டும் கிளினிக் புத்தகமும் வீட்டில் இருக்கட்டும். டாக்டரிடம் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள். இன்ன தேதியிலிருந்து வேலைக்குத் தகுதியானவர், ஆறு மாதத்துக்கு இரவு வேலை கூடாது, மாதம் ஒரு நாள் கிளினிக்குக்கு வர வேண்டும் என்று மூன்று விஷயம் அதில் இருந்தால் போதும். துரை நேரில் கேட்டால் நோயின் பெயரைச் சொல்வதா இல்லையா என்பதை தம்பி அந்த இடத்தில் முடிவு செய்யட்டும். வாயால் சொன்னது பைலுக்குள் போகாது.

இனி, கேட்க வேண்டியது என்ன என்பதற்கு வருகிறேன். பலர் இந்த இடத்தில் "லேசான வேலை கொடுங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அது யாருக்கும் உதவாத வாக்கியம். துரைக்கு அதை வைத்து டியூட்டி போட முடியாது. தம்பியைப் பாரம் தூக்க விடாமல் உட்காரவைத்துவிட்டு, விடியற்காலை இரண்டு மணிக்கு வரச் சொன்னால் "லேசான வேலைதானே" என்பார்கள். பாரம் தூக்குவதால் தம்பிக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு ஆபத்து தூக்கம் கெடுவதில்தான் இருக்கிறது.

பைபோலாரில் தூக்கக் குறைவு நோயின் அறிகுறியாகவும் இருக்கிறது, நோயைக் கிளப்பிவிடும் காரணமாகவும் இருக்கிறது. மனம் மேலே எழும்பும்போது தூக்கம் குறையும், தூக்கம் குறைந்தால் மனம் இன்னும் மேலே எழும்பும். உங்கள் தம்பிக்கு நடந்ததும் அதுதான். இப்போது பெக்டரி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பகலில் பறித்த கொழுந்து பின்னேரம் வந்து சேரும். இரவு முழுக்க வாட்டுத் தொட்டிகளில் காற்று வாங்கும். நன்றாக வாடியதும், நடுச்சாமம் தாண்டி ரோலிங் தொடங்கும். அந்த வாட்டத்தின் பக்குவம் பார்த்து ரோலரைப் போடச் சொல்வதுதான் உதவி டீமேக்கரின் வேலை. அதாவது அவருடைய வேலையின் நடுப்பகுதியே மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் இருக்கிறது. ஒரு வாரம் இரவு, ஒரு வாரம் பகல் என்று மாறி மாறி வருவது இன்னும் மோசம், ஏனென்றால் உடம்பின் கடிகாரம் எதிலும் நிலைக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு வரச் சொல்வதும் இரவு வேலைதான், அதைக் காலை டியூட்டி என்று பெயர் மாற்றி ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அதனால் கடிதத்தின் உயிர் ஒரே ஒரு கோரிக்கை: ஆறு மாதத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில் தொடங்கும் பகல் வேலை, காலை 7.30க்கு முன் இல்லை. 7.30 என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த இரவு மாத்திரை. அந்த வகை மாத்திரைகள் பலவற்றில் காலையில் மயக்கம் போல ஒரு மந்தம் இருக்கும். இரவு எட்டரைக்கு எடுத்து, பத்துக்குள் படுத்தால், ஆறரைக்கு எழுந்து தெளிவாக வர முடியும். ஐந்து மணிக்கு எழுப்பி மெஷின் பக்கத்தில் நிறுத்தினால் கை போய்விடும் அபாயம் இருக்கிறது. இந்தக் காரணத்தை எந்த துரையும் புரிந்துகொள்வார்.

கோரிக்கையோடு அதற்கான வழியையும் நாமே வைக்க வேண்டும். இரவு டியூட்டியில் ஒருவர் குறைந்தால் அந்த இடத்தை யார் நிரப்புவது என்பதுதான் துரைக்குத் தலைவலி. தம்பிக்குப் பெக்டரி உள்ளும் புறமும் தெரியும். சலிக்கும் அறை, தரம் பிரிப்பது, பொதி கட்டுவது, சாம்பிள் அனுப்புவது, இன்வாய்ஸ் எல்லாம் பகல் வேலை. அந்தப் பகலில் இப்போது இருப்பவர் ஒருவர் இரவுக்கு மாற விரும்புவாரா என்று தம்பி முதலில் விசாரித்துப் பார்க்கட்டும். இரவு வேலைக்கு மேலதிகக் காசு கிடைப்பதால் ஒருவர் முன்வருவார். அந்தப் பெயரோடு போனால் துரைக்கு "சரி" என்று சொல்வது இலகு. தம்பியின் சம்பளத்தில் அந்த மேலதிகக் காசு குறையும். வீட்டில் கடன் தவணை இருந்தால் அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது மாதத்தில் அவரே காசுக்காக இரவு வேலைக்குப் போகக் கேட்பார்.

இன்னொரு விஷயம், குடும்பத்தார் அநேகமாக எதிர்பார்க்காதது. நோய் அடங்கிவிட்டாலும் பழைய வேகம் உடனே வராது. கவனம், ஞாபகம், ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பார்ப்பது இதெல்லாம் திரும்பச் சில மாதம் எடுக்கும். மனம் அளவுமீறி மேலே எழும்பும் மேனியா என்ற கட்டம் முதல் தடவையாக வந்தவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய எல்லோருமே அந்த நோய்க்கட்டத்திலிருந்து வெளியே வந்திருந்தார்கள், ஆனால் பழைய வேலை, வாழ்க்கை நிலைக்குத் திரும்பியவர்கள் பாதிக்கும் குறைவு. இதை தம்பியிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பொதி எண்ணிக்கையில் முதல் மாதம் ஒரு பிழை வந்தால் "இவனுக்கு இன்னும் சரியாகவில்லை" என்று பேச்சு கிளம்பும், அதற்கு முன்பே ஏற்பாடு செய்து வைக்கத்தான் சொல்கிறேன். முதல் நான்கு கிழமை அவர் போடும் எடைக் கணக்கையும் இன்வாய்ஸையும் இன்னொருவர் ஒரு தடவை சரிபார்க்கட்டும். அதைக் கடிதத்தில் அவரே கேட்கட்டும். தானே கேட்டு வாங்கிய சரிபார்ப்பு கண்காணிப்பு போல் இருக்காது.

லித்தியம் எடுப்பவருக்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று இரத்தப் பரிசோதனை. கடைசி மாத்திரை எடுத்து 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். இரவு எட்டரைக்கு எடுத்தால் காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஆகவே அந்த நாள் முழுதாக வேண்டும், "வேலைக்கு வந்துவிட்டுப் போ" என்பது சரிப்படாது. அளவு ஒரு நிலைக்கு வரும்வரை அடிக்கடி, பிறகு முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்பது பொது வழக்கம். மற்றது டிரையர். அந்தச் சூட்டில் மணிக்கணக்காக நின்று வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் விட்டால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம் பெரிதாகி, வாந்தி வயிற்றோட்டம் வந்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அது அவசரம், அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தோட்ட மருந்துச்சாலையில் இடுப்பு வலி, மூட்டு வலி என்று போனால் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் தருவதுண்டு. இவையும் லித்தியத்தை ஏற்றிவிடும். "லித்தியம் எடுக்கிறேன், வலிக்கு பரசிட்டமோல் தாருங்கள்" என்று தம்பி அங்கே தானே சொல்லிவைக்கட்டும். இது கடிதத்தில் வர வேண்டியதில்லை.

நடந்துபோன அந்த விடியற்காலையைப் பற்றி என்ன எழுதுவது? ஒரு வாக்கியம் போதும். எழுதாமல் விட்டால் மறைப்பது போல இருக்கும், இரண்டு பந்தி எழுதினால் காலில் விழுவது போல இருக்கும். "என் பிழை" என்று எழுத வேண்டாம். அது நோய்க்காலத்தில் நடந்தது. பழுதான கொழுந்துக்காக யாராவது பின்னால் விசாரணை என்று தொடங்கினால், அந்த ஒற்றைச் சொல்லைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இதையெல்லாம் வைத்து எழுதினால் கடிதம் இப்படி வரும். தம்பியின் வாயில் வராத சொல் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

முகாமையாளர் அவர்கட்கு,

விடயம்: வேலைக்குத் திரும்புவதும் ஆறு மாத கால வேலை ஒழுங்கும்

ஐயா,

நான் சுகவீனம் காரணமாக விடுமுறையில் இருந்து, இப்போது வைத்தியரின் அனுமதியுடன் வேலைக்குத் திரும்ப இருக்கிறேன். வைத்தியரின் கடிதத்தை இணைத்துள்ளேன். சுகவீனமாக இருந்தபோது ரோலிங் அறையில் நடந்ததும் அதனால் ஏற்பட்ட நட்டமும் எனக்குத் தெரியும், அதற்காக வருந்துகிறேன்.

என் உடல்நிலைக்கு ஒழுங்கான இரவுத் தூக்கம் அவசியம் என்று வைத்தியர் கூறியுள்ளார். ஆகவே வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு, காலை 7.30 முதல் மாலை 4.30 வரை நிலையான பகல் வேலை தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கொழுந்து கூடிய நாட்களிலும் இந்த நேரத்தில் மாற்றம் இல்லாதிருக்க வேண்டும். சலிப்பு, பொதியிடல், சாம்பிள், இன்வாய்ஸ் வேலைகளை என்னால் பொறுப்பெடுக்க முடியும். என் இரவு டியூட்டியை ஏற்க (பெயர்) சம்மதித்துள்ளார். இக்காலத்தில் இரவு வேலைக்கான மேலதிகக் கொடுப்பனவை நான் எதிர்பார்க்கவில்லை. என் பதவியும் அடிப்படைச் சம்பளமும் மாறாது என்ற அடிப்படையிலேயே இதைக் கேட்கிறேன்.

முதல் இரண்டு கிழமை பகல் 12.30 வரை வேலை செய்து, மூன்றாம் கிழமையிலிருந்து முழு நேரம் வர அனுமதி தாருங்கள். குறையும் நேரத்தை என் விடுமுறையில் கழித்துக்கொள்ளலாம். முதல் நான்கு கிழமை என் எடைக் கணக்குகளை இன்னொருவர் ஒருமுறை சரிபார்ப்பதை நான் விரும்புகிறேன். மாதம் ஒரு நாள் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும், திகதியை ஒரு கிழமைக்கு முன் அறிவிப்பேன். டிரையர் பகுதியில் தொடர்ந்து நிற்கும் வேலையைத் தவிர்க்குமாறும், வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க இடையிடையே செல்ல அனுமதிக்குமாறும் கேட்கிறேன்.

எனக்குச் சுகமில்லை என்று உங்களுக்கோ டீமேக்கர் ஐயாவுக்கோ தோன்றினால், என்னைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். தேவையென்றால் என் சகோதரிக்கு (தொலைபேசி எண்) அறிவியுங்கள். அன்றே வேலையை நிறுத்தி வைத்தியரிடம் செல்ல நான் சம்மதிக்கிறேன். என் உடல்நிலை பற்றிய விபரம் உங்களுக்கும் டீமேக்கருக்கும் அப்பால் போகாதிருக்க வேண்டுகிறேன்.

மூன்றாம் மாத முடிவிலும் ஆறாம் மாத முடிவிலும் தங்களைச் சந்தித்து இந்த ஒழுங்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, திகதி)

இதில் இரண்டு வரிகளுக்கு விளக்கம் தேவை. "கொழுந்து கூடிய நாட்களிலும்" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் ஏப்ரல், மேயில் கொழுந்து பெருகும்போதுதான் "இன்றைக்கு ஒரு இரவு மட்டும் வா" என்று ஆள் அனுப்புவார்கள். கேட்பது மோசமான மனதால் அல்ல, ஆளில்லாமல்தான். ஆனால் அந்த ஒரு இரவே போதும் இவரைக் கிளப்பிவிட. அப்படிக் கூப்பிட்டால் கடிதத்தைக் காட்டி மறுக்க தம்பிக்கு ஒரு பிடி வேண்டும்.

"எனக்குச் சுகமில்லை என்று தோன்றினால்" என்ற வரியில்தான் தம்பி அதிகம் தயங்குவார் என்று நினைக்கிறேன். தயக்கம் நியாயம். ஒருவருக்கு நோய் வந்துவிட்டால், அவர் சத்தமாகச் சிரித்தாலும் கோபப்பட்டாலும் "தொடங்கிட்டான்" என்பார்கள். அதனால் எது அறிகுறி, எது வெறும் கோபம் என்று நீங்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குப் போன தடவை எது முதலில் வந்தது? இரண்டு இரவு தொடர்ந்து நான்கு, ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்கியும் களைப்பே இல்லாதது, நடுச்சாமத்தில் போன் மேல் போன், புதுப்புதுத் திட்டங்கள், பேச்சில் மற்றவர் நுழைய இடமில்லாத வேகம். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் கிளினிக். டீமேக்கரோடு ஒரு சண்டை போட்டால் அது சண்டை மட்டும்தான். அந்தத் தாளை துரையிடம் கொடுக்க வேண்டாம். தம்பி நம்பும் ஒரு கூட்டாளி பெக்டரியில் இருந்தால் அவருக்கு மட்டும் சொல்லலாம்.

துரை மறுத்தால்? இந்த இடத்தில் உங்களுக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல், உள இயலாமை உள்ளவர்களை வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு இப்படியான மாற்றம் செய்து தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. இயலாமை உள்ளவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது, அதில் இந்த உரிமை இருக்கிறது, ஆனால் அதை வைத்து ஒரு தோட்டத் துரையை நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே இந்தக் கடிதம் ஒரு வேண்டுகோள்தான். மிரட்டும் சொல் ஒன்றும் அதில் வேண்டாம்.

வேலையிலிருந்து நீக்குவது என்றால் கதை வேறு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூல சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். எழுத்துமூல சம்மதம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சோர்ந்து கிடந்த அந்த மாதத்தில் யாராவது ஒரு தாளை நீட்டி "கையெழுத்துப் போடு, பிறகு பார்ப்போம்" என்றிருந்தால் அவர் போட்டிருப்பார். இனியும் அப்படி நடக்கலாம். ராஜினாமா, பதவி இறக்கம், வெற்றுத்தாள் எதுவாக இருந்தாலும், அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டு வந்து உங்களிடம் காட்டிவிட்டுத்தான் போடுவது என்று இருவரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். லீவு நாட்களுக்கான மெடிக்கல் எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். சேராவிட்டால், சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர் என்று பதிந்துவிட இடமுண்டு. விடுபட்டதைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் வேலையை நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். அதை சங்கத்துக் கிளைத் தலைவரோடு பேசுங்கள், ஆனால் முதல் சந்திப்புக்கே சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். துரை தனியாக இருந்தால் இறங்கி வருவார், நாலு பேர் முன்னால் இறங்க மாட்டார்.

கடிதத்தைத் தமிழில் எழுதி, அதன் ஆங்கில வடிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தோட்ட அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில்தான் ஓடும், மொழிபெயர்க்கும் வேலையைக் காரியாலயத்தில் ஒருவரிடம் விட்டால் விஷயம் அங்கேயே பரவிவிடும். கொழுந்து நிறுக்கும் நேரமும் சம்பள நாளும் தவிர்த்து, காலையில் தம்பி நேரில் போகட்டும். நீங்கள் வெளியே இருங்கள். இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குத் திகதியோடு கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம்.

அதற்கு முன், அடுத்த கிளினிக் நாளில் இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டுங்கள். ஆறு மாதம், 7.30 மணி, டிரையர் எல்லாம் நீங்கள் எழுதியதை வைத்து நான் போட்டவை. தம்பியின் மருந்தும் இரத்த அளவும் அவரிடம்தான் இருக்கின்றன, அவர் மாற்றச் சொல்லும் இடத்தை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். இடையில் இரவு நேரத்தில் ஏதாவது பதற்றமாகி யாரையாவது கேட்க வேண்டும் போல் இருந்தால் 1926 என்ற எண்ணுக்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண்.